ஏபிகே வழியாக விளையாட்டை நிறுவுவது: கோப்பை இறக்கியதற்கும் 'Open' அழுத்துவதற்கும் நடுவில் செய்ய வேண்டியவை

பிளே ஸ்டோருக்கு வெளியே போய் விளையாட்டைத் தேட நியாயமான காரணங்கள் உண்டு. 2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐ இந்தியாவில் பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் அது திரும்பி வரும்வரை, இடையில் போன் மாற்றியவர்களுக்கு ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பைத் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கூகுள் சேவைகள் இல்லாத போன் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதே நிலைதான். திறந்த மூல விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் பலர் தாங்களே ஏபிகே கோப்பை வெளியிடுகிறார்கள். இன்னொரு கூட்டம் தேடுவது வேறு: காசு கட்டாமலே எல்லா நாணயங்களும் ஆயுதங்களும் திறந்திருக்கும் 'மோட்' கோப்பு.

இந்தக் கட்டுரை முதல் வகையினருக்கானது. மோட் கோப்புகளை நான் ஏன் தொட வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன். அதற்கு முதலில் ஏபிகே கோப்புக்குள் இருக்கும் கையொப்பத்தைப் பற்றித் தெரிய வேண்டும். மற்ற எல்லாச் சோதனைகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

கோப்புக்குள் இருக்கும் கையொப்பம்

ஏபிகே என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் விளையாட்டின் நிரல், படங்கள், ஒலிகள் ஆகியவற்றுடன் `AndroidManifest.xml` என்று ஒரு பட்டியலும் இருக்கும். விளையாட்டின் அடையாளப் பெயர் என்ன, அது போனில் என்னென்ன அனுமதிகளைக் கேட்கும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் எழுதியிருக்கும். இவை அனைத்தையும் சேர்த்து, விளையாட்டை உருவாக்கியவர் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் கையொப்பம் இட்டிருப்பார். பழைய காலக் கடிதத்தின் அரக்கு முத்திரை போல இது வேலை செய்கிறது. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். உடைந்த முத்திரையோடு வரும் கோப்பை ஆண்ட்ராய்டு நிறுவாது.

ஆனால் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் போன் பார்க்கும். அது யாருடைய முத்திரை என்று போனுக்குத் தெரியாது. நீங்களோ நானோ ஒரு சாவியை நிமிடத்தில் உருவாக்கி எந்தக் கோப்பிலும் முத்திரை குத்த முடியும். போன் அதையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு விளையாட்டு முதல் முறை நிறுவப்படும்போது அதில் இருக்கும் முத்திரையைப் போன் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு புதுப்பிப்பும் அதே முத்திரையோடு வந்தால்தான் உள்ளே விடும். ஆகவே முதல் நிறுவல் சரியான கோப்பிலிருந்து நடந்துவிட்டால், பிறகு யாராவது போலிப் புதுப்பிப்பை நீட்டினாலும் போனே தடுத்துவிடும். முதல் நிறுவல் தவறிவிட்டால், அந்தத் தவறான ஆளின் புதுப்பிப்புகளைத்தான் போன் விசுவாசமாக ஏற்றுக்கொண்டே இருக்கும்.

மோட் கோப்பின் பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் விளையாட்டை மாற்றியமைத்தால் அசல் முத்திரை உடைகிறது. அசல் சாவி அவரிடம் இல்லாததால் தன் சாவியால் புதிதாகக் குத்தியாக வேண்டும். எனவே எந்த மோட் கோப்பிலும் விளையாட்டை உருவாக்கியவரின் கையொப்பம் இருக்கவே முடியாது. அதை மாற்றியவர் நாணயங்களை மட்டும் கூட்டினாரா, கூடவே வேறு எதையும் சேர்த்தாரா என்று வெளியிலிருந்து சரிபார்க்க ஒரு வழியும் கிடையாது. 'ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள்' என்ற கருத்துகளை எழுதுவதும் அதே ஆட்களாக இருக்கலாம். இணைய விளையாட்டாக இருந்தால் கணக்கு முடக்கப்படும் என்பது தனி. என் முடிவு தெளிவானது: வங்கிச் செயலியோ யுபிஐ செயலியோ உள்ள போனில் மோட் கோப்புக்கு இடமே இல்லை.

2016இல் போகிமான் கோ விஷயத்தில் நடந்தது

2016 ஜூலை முதல் வாரத்தில் போகிமான் கோ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் மட்டும் வெளியானது. இந்தியாவுக்கு அது அதிகாரப்பூர்வமாக வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். நடுவில் உலகம் முழுக்க ஆட்கள் ஏபிகே கோப்பைத் தேடினார்கள். பெரிய செய்தித் தளங்கள்கூட எப்படி ஏற்றுவது என்று எழுதின. விளையாட்டு வெளியான மூன்றே நாளுக்குள், ஜூலை 7 அன்று, அதன் திருத்தப்பட்ட ஒரு பிரதி ஒரு கோப்புக் களஞ்சியத்தில் ஏறியிருந்ததை ப்ரூஃப்பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. அதற்குள் டிராய்ட்ஜாக் என்ற தொலைநிலைக் கட்டுப்பாட்டு நிரல் சேர்க்கப்பட்டிருந்தது. போனை இன்னொருவர் தூரத்திலிருந்து இயக்க வழி செய்யும் நிரல் அது.

அந்தப் பிரதியைத் திறந்தால் அசல் விளையாட்டின் முதல் திரையேதான் வரும். விளையாடவும் முடியும். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. காட்டிக்கொடுத்தவை இரண்டு. ஒன்று, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை எண் அசலோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவது, அனுமதிகள். அசல் விளையாட்டு இருப்பிடத்தையும் கேமராவையும் கேட்டது. அது அதன் வேலைக்குத் தேவை. போலியோ அவற்றுக்கு மேல் அழைப்பு செய்யவும், குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும், ஒலியைப் பதிவு செய்யவும், தொடர்புகளை மாற்றவும், உலாவி வரலாற்றைப் பார்க்கவும், போன் இயங்கத் தொடங்கும்போதே தானும் இயங்கவும் அனுமதி வைத்திருந்தது. தெருவில் போகிமான் பிடிக்கும் விளையாட்டுக்குக் குறுஞ்செய்தி எதற்கு என்ற ஒரு கேள்வியே போதுமாக இருந்தது.

இந்த இரண்டு சோதனைகளையும், கைரேகை எண்ணும் அனுமதிப் பட்டியலும், யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே செய்யலாம். இப்போது ஓர் உண்மையான விளையாட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்போம்.

பயிற்சிக்கு ஒரு விளையாட்டு

ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன் நிலவறைக்குள் இறங்கி, நாம் ஒரு நகர்வு, எதிரி ஒரு நகர்வு என்று சண்டை போடும் விளையாட்டு. ஒவ்வொரு முறையும் நிலவறையின் வரைபடம் மாறும். ஒரு முறை செத்தால் முதலிலிருந்துதான். இவான் டெபன்ஹாம் இதை 2014 முதல் வளர்த்து வருகிறார். பழைய பிக்சல் டஞ்சனின் மூலநிரல் வெளியிடப்பட்ட பிறகு அதன்மேல் கட்டியது இது. இதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது, விளம்பரம் கிடையாது. பிளே ஸ்டோரிலும் இருக்கிறது, மூலநிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உருவாக்கியவரின் பக்கத்தில் ஏபிகேயாகவும் இருக்கிறது. பழகுவதற்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதே.

முதல் வேலை, சரியான பக்கத்தை அடைவது. விளையாட்டின் பெயரோடு 'ஏபிகே டவுன்லோடு' என்று சேர்த்துத் தேடாதீர்கள். அப்படித் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் பிரதி எடுத்து வைத்திருக்கும் தளங்கள்தாம். அவற்றில் பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும் டவுன்லோடு பொத்தான் பலமுறை விளம்பரமாக இருக்கும். உருவாக்கியவரின் சொந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். இந்த விளையாட்டுக்கு அது `shatteredpixel.com` என்ற தளமும், `github.com/00-Evan/shattered-pixel-dungeon` என்ற கிட்ஹப் பக்கமும். கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் இதே பெயரில் இன்னொரு பக்கம் தொடங்கலாம் என்பதால், முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் கணக்குப் பெயரைப் பாருங்கள். சிறிய மாற்றத்தோடு வரும் போலிகள் அந்த இடத்தில்தான் பிடிபடும்.

கிட்ஹப் பக்கத்தில் 'Releases' என்ற பகுதிக்குள் போனால் மிகப் புதிய பதிப்பு மேலே இருக்கும். அதன் அடியில் 'Assets' என்று ஒரு பட்டியல். விண்டோஸ், லினக்ஸ், மேக் கோப்புகளும் அங்கேயே இருக்கும். பெயரில் `Android` இருந்து `.apk` என்று முடியும் கோப்பை மட்டும் எடுங்கள். குரோம் 'இந்தக் கோப்பு தீங்கு விளைவிக்கலாம்' என்று எச்சரிக்கும். ஏபிகே எதுவாக இருந்தாலும் அது அதையேதான் சொல்லும். ஆகவே அந்த எச்சரிக்கையை வைத்து நல்லது கெட்டது எதையும் முடிவு செய்ய முடியாது.

கைரேகை எண்ணை ஒப்பிடுவது

ஒவ்வொரு கோப்பிலிருந்தும் கணக்கிட்டு எடுக்கக்கூடிய 64 எழுத்துகள் கொண்ட எண் ஒன்று உண்டு. அதை SHA-256 என்பார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுவதுமாக மாறிவிடும். 2025 ஜூனிலிருந்து கிட்ஹப், வெளியீட்டுக் கோப்புகளின் பக்கத்திலேயே `sha256:` என்று தொடங்கி இந்த எண்ணைக் காட்டுகிறது. விண்டோஸ் கணினியில் கோப்பு இருக்கும் அடைவில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டுங்கள். `game.apk` என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயர் வரவேண்டும்.

```
certutil -hashfile game.apk SHA256
```

லினக்ஸில் இது:

```
sha256sum game.apk
```

வந்த எண்ணும் பக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையும் பார்த்தாலே எந்தக் கோளாறும் தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கும். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். இரண்டாவது முறையும் பொருந்தாவிட்டால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள்.

இந்த ஒப்பீட்டின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தில் இருக்கும் கோப்பேதான் உங்கள் கைக்கும் வந்தது என்பதை மட்டுமே இது உறுதி செய்கிறது. பக்கமே போலியாக இருந்தால், போலிக் கோப்புக்குப் போலி எண்ணும் கச்சிதமாகப் பொருந்தும். அதனால்தான் முகவரியைச் சரிபார்ப்பதை முதலில் வைத்தேன்.

அனுமதிகளையும் கையொப்பத்தையும் வெளியே எடுத்துப் பார்ப்பது

கணினி இல்லாதவர்களுக்கு எளிய வழி, போனின் உலாவியிலேயே `virustotal.com` தளத்துக்குப் போய் கோப்பை ஏற்றுவது. 650 எம்பி வரை ஏற்கும். பல டஜன் வைரஸ் தடுப்பு நிரல்கள் கோப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். பெரும்பாலோர் அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயன்படுவது அடுத்து இருக்கும் 'Details' என்ற பக்கம். கோப்பின் SHA-256 எண், அடையாளப் பெயர், கையொப்பச் சான்றிதழ், கேட்கும் அனுமதிகள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். நம் விளையாட்டின் அடையாளப் பெயர் இதுவாக இருக்க வேண்டும்:

```
com.shatteredpixel.shatteredpixeldungeon
```

பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டின் பக்கத்தை உலாவியில் திறந்தால், முகவரியில் `id=` என்பதற்குப் பின்னால் வருவதும் இந்தப் பெயர்தான். பொருந்துகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் அடையாளப் பெயரைப் போலிக்காரனும் அப்படியே வைக்க முடியும். பெயர் மாறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பெயர் சரியாக இருப்பது மட்டும் சான்று ஆகாது.

தீர்ப்பு எண்ணிக்கையைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். அறுபதில் ஒன்றோ இரண்டோ பெயர் தெரியாத நிரல்கள் மட்டும் சந்தேகம் சொன்னால் அது தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல நிரல்கள் ஒரே குடும்பப் பெயரைச் சொன்னால் கோப்பை அழித்துவிடுங்கள். பூஜ்யம் வந்தாலும் முழு நிம்மதி கொள்ள முடியாது. நேற்றுதான் உருவான தீங்கான கோப்பை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கணினி உள்ளவர்கள், செயலி உருவாக்குபவர்களுக்கான ஆண்ட்ராய்டு எஸ்டிகே கருவிகளை நிறுவியிருந்தால் இரண்டே கட்டளைகளில் இதைச் செய்யலாம்.

```
aapt dump permissions game.apk
apksigner verify --print-certs game.apk
```

முதல் கட்டளை அனுமதிகளை வரியாகக் கொட்டும். ஷாட்டர்ட் பிக்சல் டஞ்சன் தனியாக ஆடும் விளையாட்டாக இருந்தும் `android.permission.INTERNET` கேட்கும். விளையாட்டுக்குள் செய்திகளைக் காட்டவும், கிட்ஹப்பில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கவும் அது தேவை. இப்படி ஒவ்வோர் அனுமதிக்கும் விளையாட்டுக்குள்ளேயே ஒரு காரணத்தைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். காரணம் சொல்ல முடியாத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது கட்டளை கையொப்பமிட்டவரின் சான்றிதழையும் அதன் SHA-256 எண்ணையும் காட்டும். அதில் `CN=Android Debug` என்று இருந்தால், அது சோதனைக்காக உருவாக்கிய கோப்பு, முறையான வெளியீடு அல்ல. `android@android.com` என்ற மின்னஞ்சலோடு `CN=Android` என்று இருந்தால் அது இன்னும் மோசம். ஆண்ட்ராய்டின் பொதுச் சோதனைச் சாவி அது. அதன் ரகசியப் பகுதியே இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். மோட் கோப்புகளில் இந்தச் சாவியை அடிக்கடி பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் அதே முத்திரையோடு 'புதுப்பிப்பு' அனுப்ப முடியும் என்பதால், அந்தக் கோப்பு மேலே சொன்ன ஒரே பாதுகாப்பையும் இழந்துவிடுகிறது.

எந்த அனுமதி வந்தால் பின்வாங்க வேண்டும்

குறுஞ்செய்தி அனுமதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வங்கியின் ஓடிபி அங்கேதான் வருகிறது. அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும் அதே வேலையைச் செய்யும், ஏனென்றால் ஓடிபி அறிவிப்பிலும் தெரிகிறது.

அவற்றைவிட ஆபத்தானது 'Accessibility' எனப்படும் அணுகல்தன்மைச் சேவை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவானது அது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும். அதே சக்தி ஒரு திருட்டு நிரலின் கையில் கிடைத்தால், அது உங்கள் வங்கிச் செயலியின் திரையைப் படிக்கும், மற்ற அனுமதிகளுக்கெல்லாம் தானே 'Allow' அழுத்திக்கொள்ளும், நீங்கள் நீக்கப் போனால் திரையைப் பின்னோக்கித் தள்ளும். ஒரு விளையாட்டு இதைக் கேட்க நியாயமே இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, வேறு செயலிகளை நிறுவும் அனுமதி. முதலில் சுத்தமான ஒரு சின்ன விளையாட்டு வரும். திறந்ததும் 'புதுப்பிப்பு தேவை' என்று ஒரு திரை காட்டி, இன்னொரு ஏபிகேயை நிறுவச் சொல்லும். திருட்டு நிரல் வருவது அந்த இரண்டாவது கோப்பில்தான். முதல் கோப்பை நீங்கள் எவ்வளவு சோதித்திருந்தாலும் இந்த வழியில் வீணாகிவிடும். விளையாட்டுக்குள்ளிருந்து வரும் இப்படியான திரையை மூடிவிட்டு, புதிய பதிப்பு இருக்கிறதா என்று உருவாக்கியவரின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள்.

போனில் ஏற்றுவது

ஆண்ட்ராய்டு 8க்கு முன் 'Unknown sources' என்று ஒரே ஒரு சுவிட்ச் இருந்தது. அதைத் திறந்தால் எல்லா வழியும் திறந்துவிடும். 8ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனியாக அனுமதி தர வேண்டும். இதை உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குரோமுக்கோ வாட்ஸப்புக்கோ டெலிகிராமுக்கோ இந்த அனுமதியைத் தராதீர்கள். அவை நாள் முழுக்க வெளியிலிருந்து கோப்புகள் வந்து விழும் இடங்கள். போனில் உள்ள கோப்பு மேலாளர் செயலிக்கு மட்டும் தாருங்கள்.

கோப்பு மேலாளரில் 'Downloads' அடைவுக்குப் போய் ஏபிகேயைத் தொட்டால், இந்த மூலத்திலிருந்து நிறுவ அனுமதி இல்லை என்று போன் சொல்லும். அங்கேயே 'Settings' அழுத்தி 'Allow from this source' என்பதை இயக்கிவிட்டுப் பின்னால் வாருங்கள். சாம்சங் போன்களில் 'Auto Blocker' இயங்கிக்கொண்டிருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும். 'Security and privacy' பகுதியில் அதை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

அடுத்து, போனில் உள்ள செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் குறுக்கே வரலாம். 2023 அக்டோபரில் கூகுள் இதில் நேரடி நிரல் சோதனையைச் சேர்த்தபோது அது முதலில் வந்தது இந்தியாவுக்குத்தான். 'Scan app' என்று கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். சில வினாடிகளே ஆகும். உலாவி, மெசேஜிங் செயலி போன்றவை வழியாக வந்த கோப்பு குறுஞ்செய்தி, அறிவிப்பு, அணுகல்தன்மை அனுமதிகளைக் கேட்டால் அதை நேராகவே தடுக்கும் ஏற்பாட்டையும் 2024இல் இந்தியாவில் சோதனை முறையில் கொண்டுவருவதாகக் கூகுள் அறிவித்தது. ஆகவே பிளே புரொடெக்ட் தடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'நிறுவும் முன் பிளே புரொடெக்டை அணைக்கவும்' என்று ஒரு தளம் அறிவுரை சொன்னால், அந்தத் தளத்தை விட்டு வெளியேற அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டாம்.

நிறுவி முடிந்ததும் 'Done', 'Open' என்று இரண்டு பொத்தான்கள் வரும். 'Done' அழுத்துங்கள். புதிதாக நிறுவிய செயலியை நீங்கள் முதல்முறை திறக்கும்வரை ஆண்ட்ராய்டு அதை நிறுத்தி வைத்த நிலையிலேயே வைத்திருக்கும். போன் திறந்தவுடன் தானே ஓடுவது, பின்னணியில் செய்திகளைக் கவனிப்பது போன்ற வேலைகளை அதனால் அதுவரை தொடங்க முடியாது. அந்த இடைவெளியைப் பயன்படுத்துங்கள். விளையாட்டின் சின்னத்தை அழுத்திப் பிடித்து 'App info' போங்கள், 'Permissions' பாருங்கள். அங்கே பட்டியலில் உள்ளவைதான் இது இனி உங்களிடம் கேட்கப்போகும் முக்கிய அனுமதிகள். நம் எடுத்துக்காட்டு விளையாட்டில் அந்தப் பட்டியலில் குறுஞ்செய்தியோ தொடர்புகளோ மைக்கோ இருக்கக் காரணமே இல்லை. அப்படி ஏதாவது இருந்தால், ஒரு முறைகூடத் திறக்காமல் அப்படியே நீக்கிவிடலாம்.

எல்லாம் சரியென்றால் கோப்பு மேலாளருக்குத் தந்த அனுமதியைத் திரும்ப எடுங்கள். 'Downloads' அடைவில் கிடக்கும் ஏபிகேயையும் அழித்துவிடுங்கள். பிறகு விளையாடலாம்.

நிறுவ மறுக்கும்போது

'There was a problem parsing the package' என்று வந்தால் கோப்பு முழுதாக இறங்கவில்லை, அல்லது உங்கள் போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு அந்த விளையாட்டுக்குப் பழையது. புதிய போனில் மிகப் பழைய விளையாட்டு ஏறாமல் போவதும் உண்டு. ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய அனுமதி முறையை வைத்து எழுதிய செயலிகளை 14ஆம் பதிப்பு நிறுவவிடாது. பழைய முறையில் எல்லா அனுமதியும் நிறுவும்போதே கிடைத்துவிடும் என்பதால், திருட்டு நிரல்கள் வேண்டுமென்றே பழைய செயலி போல வேடம் போட்டு வந்தன. அதற்காகப் போட்ட தடை இது.

ஏற்கெனவே உள்ள ஒன்றோடு மோதுகிறது என்ற பொருளில் 'conflicts with an existing package' வந்தால், அதே அடையாளப் பெயரில் வேறு கையொப்பத்தோடு ஒரு விளையாட்டு போனில் இருக்கிறது. இதற்குக் குற்றமற்ற காரணமும் உண்டு. ஒரே விளையாட்டை பிளே ஸ்டோர், திறந்த மூலச் செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்ட், உருவாக்கியவரின் பக்கம் என மூன்று இடத்திலிருந்து எடுத்தால் மூன்றிலும் கையொப்பம் வேறுபடலாம். எஃப்-டிராய்ட் பெரும்பாலான செயலிகளைத் தானே உருவாக்கித் தன் சாவியால் கையொப்பமிடுகிறது. ஆகவே எங்கிருந்து தொடங்கினீர்களோ அங்கிருந்தே புதுப்பிப்பையும் எடுங்கள். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடலாம் என்று அவசரப்படாதீர்கள். நீக்கினால் சேமித்து வைத்த ஆட்டமும் போய்விடும். அதற்கு மேல், கையொப்பம் ஏன் மாறியது என்று தெரியாத நிலையில் நீக்குவது, போன் கொடுத்த ஒரே எச்சரிக்கையை நீங்களே துடைத்துவிடுவதாகும்.

`.xapk`, `.apks` என்று முடியும் கோப்புகள் பல துண்டுகளாகப் பிரித்த ஏபிகேக்களின் மூட்டை. பெரிய விளையாட்டுகள் இப்படித்தான் வரும். அவற்றை ஏற்றத் தனி நிறுவி செயலி வேண்டும். அந்த நிறுவிக்கும் மற்றவற்றை நிறுவும் அனுமதி தர வேண்டியிருக்கும் என்பதால், நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

நிறுவி செயலி பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018இன் ஃபோர்ட்நைட் ஒரு சான்று. எபிக் கேம்ஸ் அந்த ஆகஸ்டில் அதை பிளே ஸ்டோருக்கு வெளியே, தன் சொந்த நிறுவி வழியாக வெளியிட்டது. அந்த நிறுவி விளையாட்டின் ஏபிகேயைப் போனின் பொதுச் சேமிப்பிடத்தில் இறக்கி வைத்தது. சேமிப்பிட அனுமதி உள்ள வேறு எந்தச் செயலியும், இறக்கி முடிந்த கணத்தில் அந்தக் கோப்பைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துவிட முடியும் என்று கூகுளின் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சாம்சங் போன்களில் அடையாளப் பெயர் பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கப்பட்டதால், மாற்றி வைத்த கோப்பு கேள்வியில்லாமல் ஏறிவிடும். எபிக் இரண்டு நாளுக்குள் அதைச் சரிசெய்துவிட்டது. பயனர் உண்மையான நிறுவனத்தின் உண்மையான நிறுவியைத்தான் வைத்திருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். போனில் ஏற்கெனவே சந்தேகமான செயலிகள் இருந்தால், அவற்றை நீக்கிய பிறகே வெளியிலிருந்து புதியதை ஏற்ற வேண்டும்.

தவறான கோப்பு ஏறிவிட்டது என்று தோன்றினால்

சின்னம் திடீரென மறைவது, திறக்காத நேரத்திலும் அணுகல்தன்மை அனுமதியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, மற்ற செயலிகளின் மேல் தானாகத் திரை வந்து நிற்பது, நீக்கப் போனால் அமைப்புகள் பக்கம் தானே மூடிக்கொள்வது. இவற்றில் ஒன்று நடந்தாலும் முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்து, விமானப் பயன்முறையைப் போடுங்கள். திருடப்பட்டது வெளியே போவதற்கு இணைப்பு வேண்டும்.

பிறகு போனைப் பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்குங்கள். பல போன்களில் 'Power off' பொத்தானை நீளமாக அழுத்திப் பிடித்தால் 'Safe mode' என்று கேட்கும். அந்த நிலையில் நீங்கள் ஏற்றிய செயலிகள் ஓடாது, ஆகவே அமைப்புகள் பக்கம் உங்கள் கைக்குக் கட்டுப்படும். 'Accessibility' பகுதியிலும் 'Device admin apps' பகுதியிலும் அந்த விளையாட்டின் பெயர் இருந்தால் முதலில் அங்கே அணைத்துவிட்டு, அதன்பின் நீக்குங்கள். நிர்வாகி உரிமை இருக்கும்வரை நீக்கும் பொத்தான் மங்கலாகவே இருக்கும். இதுவும் நடக்கவில்லையென்றால் படங்களை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். பழைய காப்புப்பிரதியிலிருந்து செயலிகளை மொத்தமாகத் திரும்ப ஏற்றாமல், ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள்.

கடவுச்சொற்களை மாற்றுவது அந்தப் போனில் அல்ல, வீட்டில் உள்ள வேறு போனிலோ கணினியிலோ நடக்க வேண்டும். முதலில் கூகுள் கணக்கு, அடுத்து வங்கி. பணம் ஏதாவது போயிருந்தால் வங்கிக்குச் சொல்வதோடு, இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் இடைக் கணக்குகளில் நிற்கும்போதே முடக்க வைப்பதுதான் அந்த எண்ணின் வேலை என்பதால், போனைச் சுத்தம் செய்து முடித்த பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நிறுவிய ஏபிகே கோப்பு இன்னும் 'Downloads' அடைவில் இருந்தால் புகார் முடியும்வரை அதை அழிக்காதீர்கள். எந்தத் தளத்திலிருந்து வந்தது என்ற முகவரியையும் உலாவி வரலாற்றிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.